ஏற்காடு மலைப்பாதைக்கு மண்சரிவு வரைபடம்: சரியாத இடங்களை எங்கிருந்து எடுப்பது?

எங்கே மண் சரியலாம் என்று காட்டும் வரைபடத்துக்காக, பழைய மண்சரிவுப் புள்ளிகளை வைத்து லாஜிஸ்டிக் ரெக்ரஷன் போட உட்காருபவர்கள் எந்தக் காரணிகளைச் சேர்ப்பது என்றுதான் அதிகம் யோசிக்கிறார்கள். மலைச்சாய்வு, பாறை வகை, ஓடையிலிருந்து தூரம், காடா தோட்டமா என்பது போல. ஆனால் அதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. வரைபடம் என்ன சொல்லும் என்பதை மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் தீர்மானிக்கிறது. இந்த முறைக்கு மண் சரிந்த இடங்கள் மட்டும் போதாது, சரியாத இடங்களும் வேண்டும். சரிந்த இடம் 1, சரியாத இடம் 0. இரண்டையும் பிரிக்கும் வேறுபாட்டைத்தான் மாடல் கற்றுக்கொள்கிறது. சரிந்த இடங்களின் பட்டியல் ஏற்கெனவே யாரிடமோ இருக்கும். சரியாத இடங்களை நாமேதான் பொறுக்க வேண்டும்.

சேலம் மாவட்டத்துக்கு இப்படி ஒரு வரைபடம் போட மூன்று வழிகள் உண்டு. மாவட்டம் முழுவதிலிருந்தும் பூஜ்யங்களை எடுக்கலாம், மலைப்பகுதியிலிருந்து மட்டும் எடுக்கலாம், அல்லது மலைச்சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, சரியாத துண்டுகளையே பூஜ்யமாக வைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எந்த இடத்தில் வடிகால் வெட்டுவது, எங்கே தடுப்புச்சுவர் கட்டுவது என்பதுதான் கேள்வி என்றால் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

மாவட்டம் முழுவதும்

பலரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் எளிது. மாவட்ட எல்லைக் கோப்பு இருக்கிறது, அதற்குள் கணினியே கண்ணை மூடிக்கொண்டு புள்ளிகளைத் தூவிவிடும். முடிவும் பார்க்க அழகாக வரும். ஏ.யு.சி. 0.9-ஐத் தாண்டும். அறிக்கையில் போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏ.யு.சி. என்பதற்குப் பொருள் இதுதான்: சரிந்த புள்ளி ஒன்றையும் சரியாத புள்ளி ஒன்றையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், சரிந்த புள்ளிக்கு மாடல் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருக்க எவ்வளவு வாய்ப்பு? சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதி சமவெளி. ஓமலூர், ஆத்தூர், தலைவாசல் பக்கத்து வயல்களில் பூஜ்யப் புள்ளிகள் விழுந்தால், அவற்றை ஏற்காட்டுச் சரிவுகளிலிருந்து பிரிக்க மாடலே தேவையில்லை. சாய்வு ஒன்றே போதும்.

கணக்குக்காக, பூஜ்யங்களில் 80 விழுக்காடு சமவெளியில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு எதிராக மாடல் ஒருமுறையும் தவறாது, அதாவது மதிப்பு 1. மீதி 20 விழுக்காடு மலைமேல். அங்கே மாடலின் உண்மையான திறன் 0.70 மட்டும்தான் என்று வைப்போம். மொத்த ஏ.யு.சி. இந்த இரண்டின் எடையிட்ட சராசரி: 0.8 × 1 + 0.2 × 0.70 = 0.94. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு கல்லூரி மாணவர்களைக் கலந்து நிறுத்தி, யார் உயரம் என்று சரியாகச் சொல்லிவிட்டதாகப் பாராட்டு வாங்குவது போன்றது இது. மலைக்குள் எந்த வளைவு ஆபத்து, எந்த வளைவு பரவாயில்லை என்று நமக்குத் தெரிய வேண்டிய இடத்தில் அந்த மாடல் 0.70-தான். 0.94 என்ற எண் மலை எது, சமவெளி எது என்று மட்டும் சொல்கிறது.

இதைவிடக் கவலைப்பட வைப்பது வரைபடத்தின் நிறம். சமவெளிப் பூஜ்யங்கள் நிறைய இருந்தால், கடல்மட்டத்திலிருந்து உயரம் என்ற காரணி எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். உயரம் கூடினால் ஆபத்து என்று மாடல் கற்றுக்கொள்ளும். ஆனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உச்சி கூரானது இல்லை. மேலே மேடுபள்ளமான பீடபூமி, அதன்மேல் சில இடங்களில் பாக்சைட் மூடிய தட்டையான மேடுகள். செங்குத்தான சாய்வு இருப்பது பீடபூமியின் விளிம்புகளில், அதாவது மலைப்பாதை ஏறிவரும் பக்கங்களில். உயரத்தை நம்பிய மாடல் ஏற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மெதுவான நிலத்தையும் சிவப்பாக்கும், அடிவாரத்துக்கு மேலே உள்ள முதல் சில வளைவுகளை மஞ்சளாக விட்டுவிடும். அந்த நிறத்தை நம்பிப் பணம் ஒதுக்கினால் அது தவறான இடத்துக்குப் போகும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பாறை வகையை வகைப்பிரிவாகச் சேர்த்திருந்தால், வண்டல் மண் போன்ற ஒரு பிரிவில் ஒரு சரிவுகூட இருக்காது. அப்போது அதன் கெழு, அதாவது மாடல் அதற்குக் கொடுக்கும் எடை, −16, −17 என்று வரும், அதன் திட்டப்பிழை ஆயிரத்தைத் தாண்டும். ஆர் மொழியில் போட்டால் சில சமயம் `fitted probabilities numerically 0 or 1 occurred` என்று எச்சரிக்கையும் வரும். அதைப் பார்த்தால் காரணியை மாற்றுவதை விட, பூஜ்யம் எங்கிருந்து எடுத்தோம் என்று திரும்பிப் பார்ப்பது நல்லது.

மலைக்குள் மட்டும்

சரி, சமவெளியை வெட்டிவிடலாம். 10 பாகைக்கு மேல் சாய்வுள்ள இடங்கள், அல்லது சேர்வராயன் மலையின் எல்லைக்கோட்டுக்குள் உள்ளவை மட்டும் என்று வைத்துக்கொண்டு பூஜ்யங்களை எடுப்பது இரண்டாவது வழி. கல்வராயன், பச்சைமலை, ஜருகுமலைப் பகுதிகளையும் சேர்க்கலாம். ஏ.யு.சி. 0.94-லிருந்து 0.70 பக்கம் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாடல் உண்மையில் எவ்வளவு சொல்கிறது என்பதற்கு நெருக்கமான எண் அதுதான்.

இந்த வழியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, வரைபடத்தில் எழுதப்படும் நிகழ்தகவு என்ன என்பது. மலைப்பகுதி 400 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், மொத்தம் சுமார் 4,44,000 கட்டங்கள். பட்டியலில் 120 சரிவுகள் இருப்பதாகவும் வைப்போம். வழக்கப்படி 120 பூஜ்யங்களை எடுத்து, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாடலைப் பொருத்துகிறோம். ஒரு கட்டத்துக்கு 0.8 என்று விடை வருகிறது. அதை '80 விழுக்காடு சரியும்' என்று படிக்கவே கூடாது.

0.8 என்றால் 4-க்கு 1 என்ற பந்தய விகிதம். ஆனால் அந்த விகிதம் சரிந்ததும் சரியாததும் சரிபாதியாக இருக்கும் ஒரு செயற்கை உலகத்துக்கு உரியது. உண்மை மலையில் ஒரு சரிந்த கட்டத்துக்குச் சுமார் 3,700 சரியாத கட்டங்கள் இருக்கின்றன. ஆகவே 4-ஐ 3,700-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 0.0011, அதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. நோய் ஆய்வில் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் தனித்தனியாகச் சேகரிக்கும்போது நடப்பதும் இதுதான்: காரணிகளின் கெழுக்கள் சரியாகவே இருக்கும், மாறிலி மட்டும் தவறாக இருக்கும். இங்கே மாறிலியிலிருந்து 3,700-இன் இயல் மடக்கையை, அதாவது 8.2-ஐக் கழித்துவிட்டால் போதும். பூஜ்யங்களை ஒன்றுக்குப் பத்தாக எடுத்தால் கெழுக்கள் சற்று உறுதியாகும், அப்போது கழிக்க வேண்டிய எண்ணும் மாறும். எது எப்படியானாலும் கட்டங்களின் வரிசை மாறாது. ஆகவே இந்த வரைபடத்தில் 0.8 என்பது 'மலையின் சராசரிக் கட்டத்தைப் போல நான்கு மடங்கு' என்று படிக்கப்பட வேண்டும். படத்தின் குறிப்புப் பெட்டியில் இதை எழுதாமல் விட்டால், பார்க்கிற அதிகாரி ஒன்று பீதியடைவார், இல்லை அடுத்த மழையில் ஒன்றும் நடக்காதபோது வரைபடத்தையே ஒதுக்கிவிடுவார்.

மாறிலி திருத்தக்கூடிய பிரச்சினை. திருத்த முடியாத பிரச்சினை வேறு. சரிவுப் பட்டியல் எப்படி உருவானது? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, உள்மாவட்டங்களில் நின்று பெய்தது. டிசம்பர் முதல் வாரத்தில் ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து போக்குவரத்து நின்றது. அந்தச் சரிவுகள் பதிவாகின, ஏனென்றால் பேருந்து நின்றது, ஜே.சி.பி. வந்தது, செய்தி வந்தது. அதே மழையில் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஆள் நடமாட்டமில்லாத ஒரு காட்டுச்சரிவில் மண் விழுந்திருந்தால் அது எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது.

இப்போது மலை முழுவதிலிருந்தும் பூஜ்யம் எடுத்தால் என்ன ஆகும்? அந்தக் காட்டுச்சரிவு 'சரியாத இடம்' என்று மாடலுக்குள் போகும். சாலையிலிருந்து தூரம் என்ற காரணி மிகப் பெரிய கெழுவோடு வந்து நிற்கும். வரைபடம் சாலையை ஒட்டிய ஒரு சிவப்பு நாடாவாக மாறும். சாலைக்காக மலையை வெட்டியதால் சரிவு வருகிறது என்பதும் உண்மை, சாலையோரச் சரிவு மட்டுமே பதிவாகிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே கெழுவுக்குள் கலந்து கிடக்கின்றன. எவ்வளவு எதனால் என்று இந்தத் தரவிலிருந்து பிரிக்க வழியே இல்லை.

நான் பிடித்துக்கொள்ளும் விதி இதுதான்: ஓர் இடத்தில் மண் சரிந்திருந்தால் அது நம் பட்டியலுக்கு வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே, அந்த இடத்தைச் சரியாத இடம் என்று எழுதலாம்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நாமே சரிவுகளைக் குறித்தால் இந்தக் குறையைச் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். பாதி உண்மை. சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டர். சாலையை மறிக்கும் சரிவுகள் பல அதைவிடக் குறுகலானவை. காப்பித் தோட்டங்களின் சில்வர் ஓக் நிழலுக்கு அடியில் நடந்தது மேலிருந்து தெரியாது. பெரிய சரிவுகள் தெரியும். அப்படிக் குறித்த பெரிய சரிவுகளை மட்டும் வைத்து, பூஜ்யங்களையும் படத்தில் தரை தெரியும் இடங்களிலிருந்து மட்டும் எடுத்தால், இரண்டாவது வழி நேர்மையான ஒரு வரைபடத்தைத் தரும். ஆனால் அது வேறு கேள்விக்கான விடை.

புள்ளி எங்கே விழுகிறது என்பதும் இங்கே சிக்கல். ஜி.பி.எஸ். எடுத்தவர் சாலையில் நின்று, மண் குவிந்த இடத்தில் எடுத்திருப்பார். சரிவு தொடங்கிய இடம் 20, 30 மீட்டர் மேலே இருக்கும். 30 மீட்டர் கட்டங்களாக உள்ள உயரத் தரவில் அந்தப் புள்ளி சாலையின் தட்டையான கட்டத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு சாய்வின் கெழு பூஜ்யத்துக்கு அருகில் வரும், சில நேரம் எதிர்மறையாகவே வரும். சாய்வு கூடினால் ஆபத்து குறையும் என்று ஒரு மாடல் சொன்னால், சரிவுப் புள்ளிகளின் சாய்வு மதிப்புகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 5 முதல் 15 பாகைக்குள் குவிந்து கிடந்தால் புள்ளிகள் சாலைமேல் நிற்கின்றன என்று பொருள். அவற்றை ஒவ்வொன்றாக மேலே தொடக்க இடத்துக்கு நகர்த்தாமல் மேற்கொண்டு எதுவும் செய்யக்கூடாது.

சாலைத் துண்டுகள்

மூன்றாவது வழி கட்டங்களை விட்டுவிடுகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையை 100 மீட்டர் துண்டுகளாக வெட்டுகிறோம். கணக்குக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் 200 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும், பதிவேடு உள்ள காலத்தில் மேல்பக்கத்திலிருந்து மண் விழுந்ததா இல்லையா என்று எழுதுகிறோம். பேருந்து தினமும் ஓடும் சாலை இது. விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். விழவில்லை என்று எழுதினால் அது உண்மையாகவே விழவில்லை. மேலே சொன்ன விதி இங்கே முழுமையாக நிறைவேறுகிறது.

எதைச் 'சரிவு' என்று எண்ணுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சாலைப் பணியாளர்கள் மண்வெட்டியால் தள்ளிவிடும் சிறு மண்ணெல்லாம் ஏட்டில் ஏறாது, ஓர் ஆண்டு எழுதுவார்கள், அடுத்த ஆண்டு விடுவார்கள். இயந்திரம் வந்து அள்ள வேண்டியிருந்த சரிவு மட்டும் என்று வைத்துக்கொண்டால் பதிவு ஏறக்குறைய முழுமையாக இருக்கும். சாலையின் கீழ்ப்பக்கம் உள்வாங்குவது வேறு காரணத்தால் நடப்பது. அங்கே கொட்டி நிரப்பிய மண்ணும் அடைபட்ட சிறுபாலமும்தான் பேசும். அதை இதோடு கலக்கக்கூடாது.

இந்த வழியின் பெரிய பலம், 200 துண்டுகளையும் நடந்தே அளக்கலாம் என்பது. 30 மீட்டர் உயரத் தரவுக்கு சாலைக்காக மலையை வெட்டிய 6 மீட்டர் உயர முகம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் சரிவுக்கு மிக நெருக்கமான காரணம் அந்த வெட்டுதான். சேர்வராயனின் அடிப்பாறை சார்னோகைட். புதுப்பாறையாக இருந்தால் கறுத்து உறுதியாக நிற்கும், சிதைந்துவிட்டால் செம்மண்ணும் உருண்டைப் பாறைகளுமாகக் கலந்து கிடக்கும். வெட்டின் முகத்தைப் பார்த்தாலே எது என்று தெரியும். 1:50,000 அளவில் போட்ட புவியியல் வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறம்.

200 துண்டுகளில் 40-இல் சரிவு நடந்தது என்று வைப்போம். ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வாவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. அதன்படி நான்கு காரணிகளுக்கு மேல் தாங்காது. நான் எடுப்பவை: வெட்டின் உயரம் மீட்டரில், வெட்டுக்கு மேலே மலையின் சாய்வு பாகையில், வெட்டு முகம் சிதைந்த மண்ணா, துண்டுக்குள் ஓடை குறுக்கிடுகிறதா.

```r
m <- glm(sarivu ~ vettu_m + saaivu + man + odai,
         family = binomial, data = thundu)
```

விடை இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம் (இவை செய்முறை விளக்கத்துக்கான எண்கள், அளந்தவை அல்ல):

```
-4.2 + 0.35*vettu_m + 0.03*saaivu + 0.9*man + 0.8*odai
```

ஒரு வளைவில் வெட்டு 6 மீட்டர், மேலே சாய்வு 30 பாகை, சிதைந்த மண், ஓடையும் உண்டு. கூட்டினால் −4.2 + 2.1 + 0.9 + 0.9 + 0.8 = 0.5. நிகழ்தகவு 1/(1+e^−0.5), அதாவது 0.62. வேறொரு துண்டில் வெட்டு 2 மீட்டர், சாய்வு 20 பாகை, உறுதியான பாறை, ஓடை இல்லை. −2.9 வருகிறது, நிகழ்தகவு 0.05. இங்கே மாறிலியைத் திருத்த வேண்டியதில்லை. பூஜ்யங்களை நாம் பொறுக்கவே இல்லை, சாலை முழுவதும் கணக்கில் இருக்கிறது. ஆகவே 0.62 என்பதற்கு நேரான பொருள் உண்டு: இப்படிப்பட்ட துண்டுகள் நூறு இருந்தால், பதிவேட்டுக் காலத்தில் சுமார் 62-இல் மண் விழுந்திருக்கும்.

எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். ஓடையின் கெழு 0.8-க்குத் திட்டப்பிழை 0.45 என்று வந்தால், 95 விழுக்காட்டு இடைவெளி −0.08 முதல் 1.68 வரை. பந்தய விகிதத்தின் மடங்காகச் சொன்னால் 0.9 முதல் 5.4 வரை. ஓடை இருந்தால் அந்த விகிதம் ஐந்து மடங்காகவும் இருக்கலாம், ஒன்றும் மாறாமலும் இருக்கலாம். 40 சரிவுகளை வைத்து இதற்குமேல் துல்லியம் கேட்க முடியாது.

களத்தில் அளக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, சரிந்துபோன துண்டின் வெட்டு உயரத்தை இப்போது அளந்தால் அது சரிந்த பிறகான உயரம். பக்கத்தில் சரியாமல் நிற்கும் முகத்தை அளக்க வேண்டும். இரண்டாவது தடுப்புச்சுவர். சுவர் உண்டா இல்லையா என்பதைக் காரணியாகச் சேர்க்க எல்லோருக்கும் ஆசை வரும். சேர்த்தால் சுவர் உள்ள இடத்தில் சரிவு அதிகம் என்று விடை வரும், ஏனென்றால் சரிந்த இடத்தில்தான் சுவரே கட்டுகிறார்கள். சுவர் கட்டிய ஆண்டு தெரிந்து, சரிவுக்கு முன்பே இருந்தது என்று உறுதியானால் ஒழிய அந்தக் காரணியை விட்டுவிடுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று வழிகளின் ஏ.யு.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் வழிதான் வெல்லும், ஏன் என்று மேலே பார்த்தோம். ஆகவே வேறு சோதனை வேண்டும். வேலை 20 துண்டுகளுக்கு மட்டும்தான் நடக்கும் என்று வைத்துக்கொண்டு கேட்கிறேன்: 2024 டிசம்பருக்கு முந்தைய சரிவுகளை மட்டும் கொடுத்து மாடலைப் பொருத்தினால், அது முதலில் நிறுத்தும் 20 துண்டுகளில் எத்தனை, ஃபெஞ்சல் மழையில் உண்மையில் சரிந்தன? குருட்டாம்போக்கில் 20-ஐ எடுத்தால் சரிந்தவற்றில் பத்தில் ஒரு பங்கு சிக்கும். மாடல் அதைத் தெளிவாகத் தாண்ட வேண்டும். முதல் இரண்டு வழிகளின் வரைபடங்களையும் இதே தேர்வுக்கு உட்படுத்தலாம், ஒவ்வொரு துண்டுக்கும் மேலே விழும் கட்டங்களின் மிக உயர்ந்த மதிப்பை எடுத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் இன்னொரு போட்டியாளரையும் நிறுத்துவேன்: மாடலே இல்லாமல், வெட்டின் உயரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்திய பட்டியல். நான்கு காரணி மாடல் அதைவிட அதிகச் சரிவுகளைப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பட்டியலையே கொடுத்துவிடலாம். பொறியாளருக்குப் புரியவும் எளிது, சரிபார்க்கவும் எளிது.

முந்தைய ஆண்டுகளின் பதிவு போதவில்லை என்றால் இடத்தைப் பிரித்துச் சோதிக்கலாம், ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஒரே மலைமுகத்தில் முன்னும் பின்னுமாக மடிகிறது. சாலை வழியே ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு துண்டுகள், மலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில பத்து மீட்டர் தூரத்தில் நிற்கும். மேலே சரிந்த மண் கீழ்ச்சாலையிலும் வந்து விழும். ஒன்றைப் பயிற்சிக்கும் மற்றொன்றைச் சோதனைக்கும் கொடுத்தால் மாடல் விடையை முன்பே பார்த்துவிட்டது என்றுதான் அர்த்தம். கிலோமீட்டர் கல்லை வைத்துப் பிரிக்காமல், மலைமுகத்தை வைத்துப் பிரித்து, ஒரு முகம் முழுவதையும் ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். கணித்த நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை உண்மைச் சரிவுகளின் எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்ற சோதனையும் ஒதுக்கி வைத்த முகத்தில்தான் செல்லும். பயிற்சி கொடுத்த தரவிலேயே பார்த்தால் அந்தக் கூட்டுத்தொகை எப்போதும் சரியாக 40 என்றே வரும். மாறிலி உள்ள எந்த லாஜிஸ்டிக் மாடலுக்கும் அது இயல்பு.

சாலை வரைபடம் சொல்லாதவை

சாலைத் துண்டு மாடல் சாலையைப் பற்றி மட்டுமே பேசும். மலைக்கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவு பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதற்கு இரண்டாவது வழிதான், அதுவும் சாலைத்தூரத்தை எடுத்துவிட்டு, படத்தில் தெரிந்த பெரிய சரிவுகளை வைத்து. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 1:50,000 அளவில் வெளியிட்டிருக்கும் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் வழிக்கு நான் இடம் கொடுக்கும் வேலை எதுவும் இல்லை. மாவட்டத்தில் மலை எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் ஏறுகிறது. அடிவாரச் சாலையில் பொருத்திய கெழுக்களை அப்படியே அங்கே போடலாமா என்ற கேள்வி வரும். வரிசைப்படுத்தப் பயன்படலாம். நிகழ்தகவாகப் படிக்கக்கூடாது. அங்கே வெட்டின் வயது, அகலம், போக்குவரத்து எல்லாம் வேறு, அந்த வேறுபாடு முழுவதும் மாறிலியில்தான் ஒளிந்திருக்கும். அந்தச் சாலையின் சரிவுகளையும் எண்ணி, சாலை எது என்று ஒரு காரணி சேர்த்துப் பொருத்தினால் அந்தச் சாலைக்கும் தனி மாறிலி கிடைக்கும்.

கடைசியாகக் காலம். பதிவேடு 10 ஆண்டுக்கு உரியது என்றால் 0.20 என்பது 10 ஆண்டுக்கான நிகழ்தகவு. ஆண்டுக்கு என்று மாற்றினால் 1 − 0.8^0.1, அதாவது 2.2 விழுக்காடு. ஆனால் சரிவுகள் ஆண்டுக்கு இவ்வளவு என்று சீராக வருவதில்லை. பல ஆண்டு ஒன்றும் இருக்காது, ஃபெஞ்சல் மாதிரி ஒரு மழையில் மொத்தமாக வரும். அதனால் 2.2 என்று எழுதுவதை விட, வரைபடத்தின் ஓரத்தில் பதிவேடு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, அதில் எத்தனை பெருமழைகள் வந்தன, எந்த மழையில் எத்தனை துண்டுகள் சரிந்தன என்று மூன்று வரி எழுதுவேன். மழை எச்சரிக்கை வந்த இரவில் சாலையை மூடுவதா என்று முடிவெடுப்பவருக்கு அந்த மூன்று வரியும், முதல் 20 துண்டுகளின் பட்டியலும் வேண்டும்.